மூன்று நிமிட ஒலிப் பகுதி: கடிகாரத்தோடு உட்கார்ந்து எழுதிய ஸ்கிரிப்ட்

வாராந்திர ஒலி நிகழ்ச்சி ஒன்றில் பயிற்சி மாணவராக இருக்கிறேன். எனக்குக் கொடுத்த வேலை, நிகழ்ச்சிக்கு நடுவில் வரும் மூன்று நிமிட அறிவியல் பகுதிக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது. தலைப்பு: நிலா பூமியை விட்டு விலகிக்கொண்டே போகிறது, அதை எப்படி அளந்தார்கள். இந்த நிகழ்ச்சி வானொலியில் நேரடியாகப் போகும், அப்புறம் பாட்காஸ்டாகவும் ஏறும். வானொலியில் மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம்தான். 3:00க்கு அடுத்த பகுதியின் இசை தானாகவே வந்துவிடும், நாம் பேசி முடித்தோமா இல்லையா என்று அது பார்க்காது. பாட்காஸ்டில் இந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் ஒரே பதிவுதான் இரண்டுக்கும் போகிறது என்பதால் கண்டிப்பான பக்கத்துக்கே எழுதினேன்.

எழுதுவதற்கு முன்னால் நேரத்தைப் பிரித்துவிட வேண்டும். 180 விநாடியில் பேச்சு இல்லாத இடங்களை முதலில் கழிக்கிறோம். தொடக்க இசை 6, முடிவு இசை 7, வானியல் ஆசிரியர் ஒருவரின் குரல் கிளிப் 28, நடுவில் ஒரு ஒலி விளைவுக்கு 4. மொத்தம் 45 போனால், தொகுப்பாளர் பேசுவதற்கு 135 விநாடி. இந்த 135தான் எனக்குச் சொந்தம். புதிதாக எழுதுகிறவர்கள் மூன்று நிமிடத்துக்கும் சேர்த்துப் பேச்சை எழுதிவிட்டு, கிளிப்பையும் இசையையும் அதன்மேல் ஏற்றப் பார்ப்பார்கள். அங்கேயே ஒரு நிமிடம் அதிகமாகிவிடும்.

135 விநாடிக்கு எத்தனை சொற்கள்? ஆங்கில ஒலிபரப்பில் விநாடிக்கு மூன்று சொல் என்று ஒரு கணக்கு உண்டு, அதைத் தமிழுக்கு அப்படியே எடுத்தால் ஸ்கிரிப்ட் மிக நீளமாகிவிடும். ஆங்கிலத்தில் மூன்று நாலு சொல்லாக வருவது தமிழில் ‘பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் பொதுக் கணக்கை நம்பாமல், இந்தப் பகுதியைப் படிக்கப்போகிற தொகுப்பாளரின் பழைய பதிவு ஒன்றை எடுத்து, அவர் தனியாகப் பேசுகிற இடத்தில் ஒரு நிமிடத்தை அப்படியே எழுதி எண்ணினேன். 104 சொல் வந்தது. அந்த வேகத்தில் 135 விநாடிக்கு 234 சொல். இன்னொரு தொகுப்பாளருடையதையும் எண்ணிப் பார்த்தேன், 122 வந்தது. ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுகிறது, ஆகவே யார் படிக்கப்போகிறார் என்று தெரியாமல் நேரம் போடுவதில் அர்த்தமில்லை.

முதல் வரைவை 231 சொல்லில் முடித்தேன். கணக்குப்படி சரியாக இருக்க வேண்டும். ஆனால் எழுந்து நின்று, ஸ்டுடியோவில் பேசுகிற அதே குரலில், ஸ்டாப்வாட்ச் வைத்துப் படித்தால் பேச்சு மட்டும் 2:34 வந்தது. அதாவது 154 விநாடி, 19 விநாடி அதிகம். (மனதுக்குள் படித்தால் இது தெரியவே தெரியாது. கண் எப்போதும் வாயைவிட வேகமாகப் போகும். உட்கார்ந்து முணுமுணுத்தாலும் வேகம் கூடிவிடுகிறது.)

சொல் எண்ணிக்கை சரியாக இருந்தும் நேரம் ஏன் கூடியது என்று தேடியபோது முதலில் மாட்டியவை எண்கள். தட்டச்சில் 384400 என்பது ஒரே சொல். வாய்விட்டுச் சொன்னால் ‘மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூறு’. 1969ஆம் என்பதும் எண்ணிக்கையில் ஒரு சொல், வாயில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம்’. ‘கி.மீ.’, ‘செ.மீ.’ எல்லாமே காகிதத்தில் குறுகியும் காற்றில் நீண்டும் கிடப்பவை. இப்போது ஸ்கிரிப்டில் எண்களை எழுத்தாலேயே எழுதுகிறேன். சொல் கணக்கு உண்மைக்கு அருகில் வருகிறது, படிப்பவரும் எண்ணைப் பார்த்து ஒரு கணம் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

எண்களுக்கு அடுத்து, வாக்கியங்கள். முதல் வரைவில் இப்படி ஒன்று இருந்தது:

“1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் அங்கு நிறுவிவிட்டு வந்த பிரதிபலிப்பான் மீது பூமியிலிருந்து லேசர் கதிர்களைச் செலுத்தி, அவை திரும்பிவர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிடுவதன் மூலம், சராசரியாக 384400 கி.மீ. தொலைவிலுள்ள நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. வீதம் விலகிச் செல்வதை விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்.”

கட்டுரையில் இது பரவாயில்லை, புரியாவிட்டால் திரும்பப் படித்துக்கொள்ளலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். இறங்கிய, நிறுவிவிட்டு வந்த, தொலைவிலுள்ள என்று பெயரெச்சமாக அடுக்கிக்கொண்டே போனால், யார் என்ன செய்தார்கள் என்பது தெரியவே 28 விநாடி காத்திருக்க வேண்டும், அதுவரைக்கும் வந்ததையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு. இதைக் கேட்கிறவர் வண்டி ஓட்டிக்கொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ இருக்கலாம். நடுவில் ஒரு நொடி கவனம் போனால் முழு வாக்கியமும் போச்சு.

நான் செய்தது, ஒவ்வொரு எச்சத்தையும் அவிழ்த்து அதற்கொரு முற்றுவினை கொடுத்ததுதான். ‘இறங்கிய வீரர்கள்’ என்பது ‘இறங்கினாங்க’ ஆனது. ‘நிறுவிவிட்டு வந்த’ என்பது ‘வெச்சுட்டு வந்தாங்க’ ஆனது. ஒரு வாக்கியத்துக்கு ஒரே செயல், நடந்த வரிசையிலேயே. மாற்றிய பிறகு:

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதுல மனுஷங்க முதல்முறையா நிலாவுல இறங்கினாங்க. திரும்பி வரும்போது அங்க ஒரு கண்ணாடிப் பலகையை வெச்சுட்டு வந்தாங்க. அந்தப் பலகை இன்னும் அங்கதான் இருக்கு. இங்கேருந்து அதுமேல லேசர் வெளிச்சத்தை அடிப்பாங்க. வெளிச்சம் பட்டு அப்படியே திரும்பி வரும். போய்ட்டு வர எவ்வளவு நேரமாச்சுன்னு பார்த்தா, நிலா எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரிஞ்சிடும்.”

இதற்கு 24 விநாடி. நேரம் நிறைய மிச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய வாக்கியத்தில் இருந்த தூரக் கணக்கும் 3.8 சென்டிமீட்டரும் இதில் இல்லை, அவற்றை வேறு இடங்களுக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே அவை எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் பழையதைவிடக் கூடுதல்தான். எளிய வாக்கியங்கள் இடம் கேட்கும். எனவே எளிமையாகவும் எழுதி நேரத்துக்குள்ளும் நிற்க வேண்டுமானால் சில தகவல்களை விட்டே ஆக வேண்டும். சொற்களை நெருக்கி அடைப்பதால் நேரம் குறையாது, ஸ்கிரிப்ட் கெட்டியாகித்தான் போகும்.

எதை விடுவது என்பதில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. அங்கே ஒரு சொல் இங்கே ஒரு சொல் என்று கிள்ளினால் 19 விநாடி வராது, வாக்கியத்தின் ஓட்டம் மட்டும் உடையும். முழு வாக்கியமாகத்தான் எடுக்க வேண்டும். அப்பல்லோ 14, 15 பயணங்களிலும் இதே மாதிரி பலகைகளை வைத்தார்கள், சோவியத் ஒன்றியம் அனுப்பிய லூனகோட் ஊர்திகளிலும் இவை இருந்தன என்று ஒரு வாக்கியம் இருந்தது, 9 விநாடி. உண்மையான தகவல், எனக்கு ரொம்பப் பிடித்ததும்கூட. ஆனால் ஒரு பலகை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும், மற்றவை இல்லாமலே கதை நிற்கிறது. எடுத்துவிட்டேன். டைனோசர் காலத்தில் ஒரு நாள் எத்தனை மணி நேரம் என்ற பகுதி 8 விநாடி, அதுவும் போனது. தொடக்கத்தில் வணக்கம் சொல்லி, இந்தப் பகுதிக்கு வரவேற்று, இன்றைக்கு நாம் பார்க்கப்போவது என்று இழுத்த 5 விநாடியும் போனது. தொடக்க இசையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மொத்தம் 22. எளிமையாக்கியதில் 3 விநாடி திரும்ப ஏறி, 135இல் வந்து நின்றது.

வேகமாகப் படிக்கச் சொன்னால் போதாதா என்று நானும் கேட்டேன். தயாரிப்பாளர் அக்கா, “அவங்க வேகமாப் படிச்சா நேரத்துக்குள்ள வந்திடும், ஆனா கேக்கறவங்க வேகமாக் கேக்க மாட்டாங்கல்ல?” என்றார். அதோடு அந்த யோசனையை விட்டாச்சு.

காதுக்குப் படும் பாடு

மேலே உள்ள பகுதியில் ‘ஒளி’ என்ற சொல்லே இல்லை. முந்தைய வரைவில் இருந்தது. படிக்கும்போது ஒளிக்கும் ஒலிக்கும் குழப்பமே வராது. ஆனால் போன் ஸ்பீக்கரில் பதிவைப் போட்டு ஒரு நண்பரிடம் கேட்கச் சொன்னபோது, “நிலாவுக்குச் சத்தம் அனுப்புறாங்களா?” என்று கேட்டார். பேச்சில் ள, ல இரண்டையும் பலர் ஒரே மாதிரி சொல்கிறார்கள், தெளிவாகச் சொன்னாலும் சின்ன ஸ்பீக்கரில் அந்த வித்தியாசம் தங்குவதில்லை. ஒலி விளைவோடு சேர்ந்து வரும் பகுதி என்பதால் குழப்பம் இன்னும் கூடிவிடும். ‘வெளிச்சம்’ என்று மாற்றியதும் தீர்ந்தது.

அதே மாதிரி, எழுத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நன்றாயிருக்காது என்று நிலா, நிலவு, சந்திரன் என மாற்றி மாற்றிப் போடுவோம். ஒலியில் ஒவ்வொரு மாற்றமும் புதிதாக ஒரு ஆள் உள்ளே வந்த மாதிரி இருக்கிறது. முழுக்க ‘நிலா’ என்றே வைத்தேன். ‘அது’, ‘இது’ வருகிற இடங்களிலும், எது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தால் பெயரையே திரும்பப் போட்டேன். ‘அந்தப் பலகை இன்னும் அங்கதான் இருக்கு’ என்பது அப்படி வந்ததுதான்.

எண்களைச் சுருக்குவதிலும் காதுதான் முடிவு செய்கிறது. 384400 என்பதை ‘நாலு லட்சம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு’ என்றேன். 3.8 சென்டிமீட்டர் ‘கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர்’. இரண்டுமே பொய்யில்லை, பாதி கேட்டவருக்கும் மனதில் தங்கும். ஒரு மூச்சில் ஒரு எண் என்று வைத்துக்கொண்டால் போதும், இரண்டு எண் அடுத்தடுத்து வந்தால் முதலாவது கரைந்துவிடுகிறது.

பேச்சுநடையில் எழுதுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில தொகுப்பாளர்கள் ‘வைத்துவிட்டு வந்தார்கள்’ என்று காகிதத்தில் இருந்தால்தான் விரும்புவார்கள், வாயில் வரும்போது ‘வெச்சுட்டு வந்தாங்க’ என்று தானே மாற்றிக்கொள்வார்கள். அது அவரவர் பழக்கம். ஆனால் நேரம் போடும்போது மட்டும், கடைசியில் வாயில் வரப்போகும் வடிவத்தில்தான் போட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வினைமுற்றிலும் ஓரிரண்டு அசை குறைந்துகொண்டே போய், மூன்று நிமிடத்தில் அது பல விநாடியாகச் சேர்ந்துவிடும். எங்கள் தொகுப்பாளர் பேச்சுவடிவிலேயே கேட்டார். அப்படி எழுதினால் எழுத்துக்கூட்டல் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு வரியில் ‘இருக்குன்னு’, அடுத்ததில் ‘இருக்குனு’ என்றிருந்தால் படிக்கிறவரின் கண் தடுக்கும், அந்தத் தடுக்கல் குரலில் கேட்கும்.

இரண்டரை விநாடி மௌனம்

நிலாவுக்கு வெளிச்சம் போய்த் திரும்ப ஏறத்தாழ இரண்டரை விநாடி ஆகிறது. இந்தப் பகுதியில் வானொலிக்கென்றே பிறந்த தகவல் இதுதான், ஏனென்றால் இதைச் சொல்ல வேண்டியதில்லை, கேட்கவைத்தே காட்டலாம். ஒரு ‘டிக்’, இரண்டரை விநாடி இடைவெளி, இன்னொரு ‘டிக்’. தூரத்தைச் சொல்ல எந்த எண்ணும் இதற்குப் பக்கத்தில் வராது.

ஆனால் வெறும் மௌனமாக விட்டால் சிக்கல். நேரடி ஒலிபரப்பில் கேட்பவர் அலைவரிசை போய்விட்டது என்று நினைக்கலாம். பாட்காஸ்டில் இன்னும் மோசம். எடிட் செய்யும்போது Audacity-யில் முழுக் கோப்புக்கும் `Truncate Silence` போடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு, அது இந்த இடைவெளியையும் சுருக்கிவிடும். கேட்பவரின் பாட்காஸ்ட் செயலியிலும் மௌனத்தைத் தானாக வெட்டும் வசதி இருக்கலாம், அது நம் கையில் இல்லை. இரண்டரை விநாடி அரை விநாடியாகிவிட்டால் சொல்ல வந்ததே பொய்யாகிவிடும். அதனால் அடியில் மெல்லிய ரீங்காரம் ஒன்றை, மௌனமென்று கருவி கணக்கிடாத அளவு சத்தத்தில், முதல் டிக்குக்கு ஒரு விநாடி முன்னால் தொடங்கி இரண்டாவதைத் தாண்டும்வரை ஓடவிட்டோம். ஏற்றுமதி செய்த கோப்பில் இரண்டு டிக்குக்கும் நடுவே உள்ள தூரத்தை அலைவடிவத்தில் திரும்ப அளந்தும் பார்த்தேன். டிக் சத்தத்துக்கு நான்கு விநாடி ஒதுக்கியது இதற்காகத்தான், இடைவெளிக்குப் பின் பேச்சு உடனே பாயாமல் ஒரு கணம் விட வேண்டும்.

கிளிப்

ஆசிரியரோடு தொலைபேசியில் பேசிய பதிவு பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தது, எனக்கு வேண்டியதோ 28 விநாடி. முதலில் முழுவதையும் கேட்டு, நேரக் குறிப்போடு எழுதிக்கொண்டேன். நல்ல விளக்கம் இருந்த இரண்டு இடங்கள் பயன்படவில்லை. ஒன்றில் ‘நீங்க இப்ப கேட்டீங்களே’ என்று என் கேள்வியைத் தொட்டே பேசியிருந்தார், கேள்வி இல்லாமல் அது தொங்கும். இன்னொன்றில் ‘பூமி இப்படி இருக்கு, நிலா இந்தப் பக்கம்’ என்று கையால் காட்டிக்கொண்டே பேசியிருக்கிறார். திரும்ப அழைத்து, “சார், கண்ணை மூடிட்டு இருக்கறவருக்குச் சொல்ற மாதிரி ஒரு தடவை சொல்ல முடியுமா?” என்று கேட்டேன். வந்தது அருமையான விளக்கம்: நிலாவின் ஈர்ப்பால் கடல்நீர் மேடாக எழும்புகிறது, பூமி வேகமாகச் சுற்றுவதால் அந்த மேடு நிலாவுக்குச் சற்று முன்னால் போய்விடுகிறது, அந்த மேடு நிலாவை முன்னோக்கி இழுக்கிறது, அப்படி இழுபடும் நிலாவின் பாதை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது.

இது கிளிப்பிலேயே இருப்பதால் தொகுப்பாளர் வாயில் இதை மறுபடி வைக்கவில்லை. கிளிப்புக்கு முந்தைய வரியில் கேள்வி மட்டும். ‘கடல்ல ஏற்படுற மாற்றம்தான் காரணம்னு அவர் சொல்றார்’ என்று எழுதியிருந்தால், அடுத்த நொடியே அவர் ‘கடல் தண்ணி’ என்று தொடங்கும்போது ஒரே விஷயத்தை இருமுறை கேட்ட மாதிரி ஆகிவிடும். வெட்டும்போது, அவர் குரல் இறங்கி முடிகிற இடத்தில் வெட்ட வேண்டும். அவர் ‘பெரிசாகுது, ஆனா…’ என்று தொடர்ந்திருந்தார். ‘பெரிசாகுது’வில் குரல் இறங்கியிருந்ததால் அங்கே வெட்ட முடிந்தது, ஏறியிருந்தால் பேச்சைப் பாதியில் பிடுங்கின மாதிரி கேட்டிருக்கும். அந்த ‘ஆனா’வுக்குப் பின் வந்தது பொருளை மாற்றுகிறதா என்றும் பார்த்தேன். இல்லை, வேறு உதாரணத்துக்குப் போகிறார்.

கடைசி ஸ்கிரிப்ட்

காகிதத்தில் இடது ஓரத்தில் அந்த வரி தொடங்க வேண்டிய நேரம், அப்புறம் யார் அல்லது என்ன சத்தம், அப்புறம் உரை.

0:00 — தொடக்க இசை, 6 விநாடி.

0:06 — தொகுப்பாளர்: அடுத்த தடவை நிலாவைப் பார்க்கும்போது, கொஞ்சம் நல்லா பார்த்துக்குங்க. ஏன்னா, நிலா நம்மளை விட்டு மெதுவா விலகிப் போய்க்கிட்டே இருக்கு. எவ்வளவு வேகமா போகுது? அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? ஒரு சின்ன சத்தத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

0:24 — தொகுப்பாளர்: இப்ப ஒரு டிக் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு டிக். கேளுங்க.
(ரீங்காரம். டிக். இரண்டரை விநாடி. டிக்.)
ரெண்டரை விநாடி. இங்கேருந்து வெளிச்சம் நிலாவுக்குப் போய், அங்க பட்டு, திரும்பி வர இவ்வளவு நேரம் ஆகுது. நிலா இருக்கறது, நாலு லட்சம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துல.

0:49 — தொகுப்பாளர்: (மேலே கொடுத்த கண்ணாடிப் பலகைப் பகுதி.) அப்படி வருஷக்கணக்கா அளந்து பார்த்தாங்க. நிலா ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் தள்ளிப் போகுது. நம்ம விரல் நகம் ஒரு வருஷத்துல வளர்ற அளவு.

1:24 — தொகுப்பாளர்: நிலா ஏன் விலகுது? சொல்றார், வானியல் ஆசிரியர் (பெயர்).

1:30 — கிளிப், 28 விநாடி. தொடக்கம்: “கடல் தண்ணி…” முடிவு: “…பாதை பெரிசாகுது.”

1:58 — தொகுப்பாளர்: அப்ப பூமிக்கு என்ன ஆகுது? நிலாவை முன்னால இழுக்கறதுல, பூமி தன்னோட வேகத்துல கொஞ்சம் இழக்குது. பூமி சுத்துறது மெதுவாகுது. அதனால ஒரு நாளோட நீளம் கூடிக்கிட்டே வருது. ஆனா நம்ம கடிகாரத்துல தெரியுற அளவுக்கு இல்லை. ஒரு விநாடியை ஐநூறு பங்கா போடுங்க. நூறு வருஷம் போனா, ஒரு நாள் அதுல ஏறக்குறைய ஒரு பங்கு நீண்டிருக்கும். அவ்வளவுதான்.
[விடலாம், 6 விநாடி: ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, நாளும் சின்னதா இருந்துச்சு. நிலாவும் இன்னும் பக்கத்துல இருந்துச்சு.]

2:33 — தொகுப்பாளர்: அப்ப நிலா ஒரு நாள் நம்மளை விட்டுட்டுப் போயிடுமா? அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம். இதே வேகத்துல போனா, ஒரு கோடி வருஷம் கழிச்சும் நிலா நானூறு கிலோமீட்டர்கூட விலகியிருக்காது. அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோட வர்றேன்.

2:53 — முடிவு இசை, 7 விநாடி.

தொடக்க வரி முதலில் ‘இன்னிக்கு ராத்திரி நிலாவைப் பாருங்க’ என்றுதான் இருந்தது, கேட்கவும் நன்றாயிருந்தது. ஆனால் ஒலிபரப்பாகும் நாள் அமாவாசைக்குப் பக்கத்தில் இருந்தால்? பாட்காஸ்டை ஒருவர் மூன்று மாதம் கழித்துப் பகலில் கேட்டால்? இன்று, நேற்று, இந்த வாரம் என்று வருகிற எல்லா வரியையும் இப்படி ஒருமுறை சோதிப்பது நல்லது. கடைசி வரியில் உள்ள ‘அடுத்த வாரம்’ நிகழ்ச்சி வாராந்திரம் என்பதால் தங்கியது.

சதுர அடைப்புக்குள் உள்ள ‘விடலாம்’ வரிதான் நேரடி ஒலிபரப்பில் நம் காப்பு. தொகுப்பாளர் அந்த இடத்துக்கு வரும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். 2:27 தாண்டியிருந்தால் அதைத் தொடாமல் நேராக முடிவுப் பகுதிக்குப் போவார். 2:33க்கு முடிவுப் பகுதி தொடங்கியாக வேண்டும் என்பதைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எடுத்தேன்: மூன்று நிமிடத்திலிருந்து இசையின் 7, பேச்சின் 20. அப்படி விடக்கூடிய வரியை எப்போதும் பிற்பாதியில்தான் வைக்க வேண்டும், நேரம் எவ்வளவு தவறியிருக்கிறது என்று அங்கேதான் தெரியும். அதை எடுத்தாலும் முன்னும் பின்னும் உள்ள வரிகள் ஒட்ட வேண்டும் என்பதால், எடுத்துவிட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ‘அவ்வளவுதான்’ முடிந்து ‘அப்ப நிலா ஒரு நாள்’ என்று தொடங்குவது தானாகவே பொருந்துகிறது.

முடிவு இசையிலும் இதே பின்கணக்குதான். இசைத் துண்டு தன்னுடைய சொந்த முடிவில் 3:00க்கு நிற்க வேண்டும், பாதியில் ஒலியைக் குறைத்து நிறுத்தினால் முடிந்த உணர்வு வராது. எங்கள் இசைத் துண்டு 20 விநாடி நீளம், ஆகவே அதை 2:40க்கே சத்தமில்லாமல் ஓடவிட்டு, பேச்சு முடிகிற இடத்தில் மேலே ஏற்றினால் போதும். பேச்சு ஓரிரு விநாடி முன்னபின்ன ஆனாலும் இசையின் முடிவு நகராது.

அச்செடுக்கும்போது எழுத்து 14 அளவில், வரிகளுக்கு நடுவில் நிறைய இடைவெளி, ஒரு பக்கத்தில் தொடங்கிய வாக்கியம் அடுத்த பக்கத்துக்குப் போகாதபடி. ஒரு பக்கம் மட்டும் அச்சு, ஸ்டேப்ளர் கிடையாது, பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே நகர்த்தி வைத்தால் மைக்கில் காகிதச் சத்தம் வராது. மூச்சு எடுக்க வேண்டிய இடங்களுக்கு நான் எந்தக் குறியும் போடவில்லை. தொகுப்பாளர் தானே பென்சிலால் சாய்கோடு போட்டுக்கொண்டார், அவருடைய மூச்சு அவருக்குத்தான் தெரியும். நான் வாய்விட்டுப் படித்தபோது சரளமாக வந்த ‘அப்படி வருஷக்கணக்கா அளந்து பார்த்தாங்க’ அவர் ஒத்திகையில் இடறியது. ‘பல வருஷம் அளந்தாங்க’ என்று அவரே மாற்றிக்கொண்டார், ஒரு விநாடி மிச்சமும் ஆனது.

ஒலிபரப்பில் கிளிப் முடியும்போது கடிகாரம் 2:01. மூன்று விநாடி தாமதம். தொடக்கப் பகுதியை அவர் நான் கணக்கிட்டதைவிட நிதானமாகச் சொன்னதில் அது போயிருந்தது, அந்த நிதானம் அங்கே நன்றாகவும் இருந்தது. ‘விடலாம்’ வரி வரும்போது 2:30 காட்டியது, தொடாமல் தாண்டினார். கிடைத்த அவகாசத்தில் முடிவுப் பகுதியை அவசரப்படாமல் படித்து 2:52க்கு முடித்தார். இசை மேலே வந்து 3:00க்கு நின்றது.

பாட்காஸ்ட் பதிப்புக்கு அந்த விட்ட வரியைத் தனியாகப் படித்துச் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். சேர்க்கவில்லை. தனியாகப் பதிந்த வரியில் குரலின் சுருதி மாறியிருக்கும், அது பக்கத்து வரிகளோடு ஒட்டாது. ஸ்கிரிப்டின் ஓரத்தில் நான் போட்ட நேரத்துக்குப் பக்கத்தில் அவர் உண்மையில் எடுத்த நேரத்தையும் எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறேன். தொடக்கப் பகுதியில் அவர் நிமிடத்துக்கு 104 சொல்லைவிட மெதுவாகப் போகிறார், நடுவில் அதற்கு மேல் போகிறார். அடுத்த வாரத்துக்கான வரைவை இந்த இரண்டு வேகத்தையும் தனித்தனியாக வைத்தே கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன்.